சாவுச் செலவும் கடனும்: டர்பன் பக்கத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சபையின் சாவு நிதிக் கணக்கை எழுதுபவன் நான். வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் அன்று மாலையே யாராவது கூப்பிடுவார்கள், கேள்விகளும் பெரும்பாலும் இவைதான். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சட்டமும் வட்டிக் கணக்கும் தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை. சடங்கு வழக்கம் எங்கள் நட்டால் பக்கத்து வழக்கம்.

ஒரு சாவுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒருத்தர் பதினைஞ்சாயிரம்ங்கிறார், இன்னொருத்தர் ஐம்பதாயிரம்ங்கிறார்.

இருவரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஒருவர் தகனத்தோடு நிறுத்திக்கொண்டார், மற்றவர் பதினாறாம் நாளையும் சேர்த்துவிட்டார். இவை இரண்டும் வேறு வேறு கணக்கு. முதல் கணக்கு தகன நாளுக்கானது: அண்டர்டேக்கர், பெட்டி, வண்டி, தகனக் கட்டணம், அன்றைய பூசை. இந்தப் பணம் ஓரிரு நாளில் கையில் இருக்க வேண்டும், பெரிதாகக் குறைக்கவும் முடியாது. இரண்டாவது கணக்கு காரியத்துக்கு: டென்ட், நாற்காலி, சாப்பாடு, குருக்கள், பத்திரிகை அறிவிப்பு. இதற்கு இரண்டு வாரம் அவகாசம் உண்டு, தொகையும் நம் கையில்தான் இருக்கிறது.

கடன் வாங்கிய வீடுகளின் கணக்கைப் பார்த்தால், தகனத்துக்காக வாங்கியவர்கள் குறைவு. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கும் டென்டுக்கும் வாங்கியவர்களே அதிகம். ஆனால் கடனுக்குக் கையெழுத்துப் போட்டது முதல் நாளில், அழுகைக்கு நடுவே, "மொத்தமாக ஒரு தொகை இருக்கட்டும்" என்று. ஆகவே நோட்டில் முதல் நாளே இரண்டு பக்கம் பிரித்து எழுதுங்கள். ஒரு பக்கத்துத் தொகையை மறுபக்கத்தோடு கூட்டாதீர்கள்.

ஆயா நல்லா நடமாடிக்கிட்டு இருக்காங்க. இப்பவே சாவுச் செலவைப் பேசினா மனசு நோகாதா?

நாம் நினைக்கிற அளவுக்கு வயதானவர்கள் இதற்குப் பயப்படுவதில்லை. பல ஆயாக்கள் தமக்கென்று ஒரு புடவையை எடுத்து அலமாரியில் தனியாக வைத்திருப்பார்கள். பேசத் தயங்குவது பிள்ளைகள்தான். "ஆயா, உங்களுக்கு என்ன செய்யணும், என்ன செய்ய வேணாம்?" என்று கேட்டால் போதும். "ஊரைக் கூட்டாதீங்க" என்று அவர்களே சொல்லிவிட்டால், பின்னால் எந்தச் சித்தப்பாவும் அதை மாற்ற முடியாது.

அந்தப் பேச்சிலேயே மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பாலிசிக் காகிதம் எங்கே இருக்கிறது, அடையாள அட்டை எங்கே, பாலிசிப் பணம் யார் பேருக்கு எழுதியிருக்கிறது.

எங்க வீட்டுல ஃபியூனரல் பாலிசி இருக்கு. அப்புறம் எதுக்குப் பணம் சேர்க்கணும்?

பாலிசி நல்ல விஷயம்தான், ஆனால் அது எப்போது, யாருக்கு, எவ்வளவு தரும் என்று காகிதத்தைப் படித்துப் பாருங்கள். நோயால், மூப்பால் வரும் சாவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. சட்டப்படி அது ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. விபத்துச் சாவுக்குக் காத்திருப்பு கிடையாது. அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அவசரமாக எடுத்த பாலிசியால் பயனில்லாமல் போவது இதனால்தான். பிரீமியம் தவறிப் பாலிசி காலாவதியானது தெரியாமல் இருந்த வீடுகளும் உண்டு. மகன் பாலிசியில் அம்மா அப்பாவை "கூடுதல் உறவினர்" என்று சேர்த்திருந்தால், அவர்களுக்கு வரும் தொகை மகனுக்கு வருவதைவிடக் குறைவாக இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால், கேட்ட காகிதங்கள் அனைத்தும் கைக்குக் கிடைத்ததிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். "கைக்குக் கிடைத்ததிலிருந்து" என்பதைக் கவனியுங்கள். டாக்டர் நிரப்பும் மரண அறிவிப்புப் படிவம், அதாவது 1663 எண் படிவம், உள்துறை அலுவலகம் தரும் மரணச் சான்றிதழ், இரு தரப்பு அடையாள அட்டை நகல், வங்கிக் கடிதம் எல்லாம் சேர்ந்தால்தான் அந்த இரண்டு நாள் ஓடத் தொடங்கும். வெள்ளிக்கிழமை மாலை இறந்தவரை ஞாயிற்றுக்கிழமை தகனம் செய்தால் பாலிசிப் பணம் அதற்குள் வராது. வீட்டில் விழுந்தது, சாலை விபத்து போன்றவற்றில் உடல் அரசுப் பிணவறைக்குப் போய்ப் பிரேதப் பரிசோதனை நடக்கும். அப்போது காகிதம் வர இன்னும் நாளாகும்.

அண்டர்டேக்கர், "காசு வேணாம், பாலிசியை எங்க பேருக்கு எழுதிக்கொடுங்க, நாங்க பாத்துக்கறோம்"ங்கிறார். கையெழுத்துப் போடலாமா?

போடலாம், தொகையைப் பார்த்துவிட்டு. இப்படி உரிமை மாற்றிக் கொடுப்பது இங்கே சாதாரணம். மேலே சொன்ன தாமதத்துக்கு அதுவே நல்ல வழியும்கூட. பார்க்க வேண்டியது ஒன்றுதான். பாலிசி 20,000 ராண்ட், அவருடைய பில் 12,000 என்றால், மாற்றிக் கொடுப்பது 12,000-க்கு மட்டும் என்று அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மீதி 8,000 குடும்பத்துக்கு வந்து சேர வேண்டும். முழுப் பாலிசியையும் எழுதிக் கொடுத்துவிட்டால், இன்னொரு கார், பெரிய பெட்டி, மலர் வளையம் என்று பில் பாலிசித் தொகை வரைக்கும் வளர்ந்துவிடும்.

எனவே முதலில் ஒவ்வொரு வரியாக விலை எழுதிய பில்லைக் கேளுங்கள், பிறகு கையெழுத்து. அண்டர்டேக்கரே விற்ற பாலிசி என்றால் அதன் பின்னால் எந்த உரிமம் பெற்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி நிற்கிறது என்று காகிதத்தில் பாருங்கள். கம்பெனிப் பெயரே இல்லாமல் ரசீதுப் புத்தகம் மட்டும் கொடுத்திருந்தால், அவர் கடை மூடிய அன்று அந்தப் பாலிசியும் போய்விடும்.

அப்பா அக்கவுண்ட்ல பணம் இருக்கு, பின் நம்பரும் தெரியும். எடுத்துச் செலவு பண்ணலாமா?

வேண்டாம். ஒருவர் இறந்த பிறகு அவர் கார்டைப் பயன்படுத்துவது பின்னால் வாரிசுகளுக்குள் வழக்காகும். வங்கி மோசடி என்றும் எடுத்துக்கொள்ளலாம். முதியோர் மானியம் வரும் கார்டுக்கும் இதேதான்.

நேரான வழி இருக்கிறது. இறந்தவர் சொத்தைப் பற்றிய 1965-ஆம் ஆண்டுச் சட்டம், தகுந்த ஈமச்சடங்குக்குத் தேவையான அளவுக்குச் சொத்திலிருந்து செலவிட இடம் தருகிறது. அண்டர்டேக்கர் பில்லையும் மரணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், ஈமச் செலவுக்குப் பணம் விடுவிப்பார்களா என்று கேளுங்கள். சில வங்கிகள் அண்டர்டேக்கருக்கு நேராகக் கட்டும். முடியாது என்று சொன்னாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, நீங்கள் கைக்காசு போட்டுச் செய்த ஈமச் செலவை அப்பா விட்டுப்போன சொத்திலிருந்து பிறகு கேட்டு வாங்கலாம். 250,000 ராண்டுக்கு உட்பட்ட சொத்து என்றால் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் எளிய முறையில் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் தந்துவிடும். இதற்கெல்லாம் ரசீது வேண்டும். ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்து, முதல் நாளிலிருந்து எல்லா ரசீதையும் அதில் போட்டுக்கொண்டே வாருங்கள்.

சரி, அவசரத்துக்குப் பதிவான கம்பெனியிலேயே கடன் வாங்கினா என்ன மோசம்? திருப்பிக் கட்டிடுவோம்ல?

கட்டிவிடலாம். எவ்வளவு கட்டுவீர்கள் என்பதைப் பார்ப்போம். 8,000 ராண்ட் வரை, ஆறு மாதத்துக்குள் திருப்பும் சிறு கடனுக்கு மாதம் 5 விழுக்காடு வரை வட்டி வாங்கச் சட்டம் விடுகிறது. அதோடு ஆரம்பக் கட்டணம், மாதச் சேவைக் கட்டணம் 60 ராண்ட், இரண்டுக்கும் வாட் வரி. 8,000 வாங்கி ஆறு மாதத்தில் கட்டினால், ஆரம்பக் கட்டணம் மட்டும் வாட்டோடு 995 ராண்ட் அளவுக்கு வரும். அதைக் கடனோடு சேர்த்தால் மாதத் தவணை 1,840 பக்கம். ஆறு மாத முடிவில் கட்டியது ஏறக்குறைய 11,050.

பெரிய கடனுக்கு வட்டி விகிதம் குறைவு, ஆனால் காலம் நீளம். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு 21 விழுக்காடு சேர்த்த அளவு வரைக்கும் போகலாம். ஆண்டுக்கு 27 என்று வைத்து 25,000 ராண்டை இரண்டு ஆண்டில் கட்டினால், கட்டணங்களோடு மொத்தம் ஏறக்குறைய 35,860. கடனோடு கட்டாயமாக எடுக்கச் சொல்லும் உயிர்க் காப்பீடு இதில் சேரவில்லை. அதற்கு ஆயிரத்துக்கு மாதம் நாலரை ராண்ட் வரை தனியாகப் போடலாம். அப்பாவின் இரண்டாவது திதி வரும்போதும் அவருடைய காரியச் சாப்பாட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பதிவில்லாம வட்டிக்கு விடற மஷோனிசா கிட்ட காகிதமே இல்லாம அரை மணி நேரத்துல கிடைக்குது. ரெண்டு வாரத்துல உறைக் காசு வந்ததும் கொடுத்திடலாமே?

துக்கத்துக்கு வருகிறவர்கள் உறையில் வைத்துத் தரும் காசு எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி வாங்கிய கடன்தான் இழுத்துக்கொண்டே போகிறது. நூற்றுக்கு முப்பது வாங்குபவரிடம் 5,000 எடுத்தால் மாத வட்டி 1,500. நாலு மாதம் வட்டி மட்டும் கட்டினால் 6,000 போயிருக்கும், அசல் 5,000 அப்படியே நிற்கும்.

2016 நவம்பரிலிருந்து வட்டிக்குக் கடன் கொடுக்கும் எவரும் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எத்தனை சிறிய தொகையானாலும் விலக்கில்லை. அடையாள அட்டை, வங்கிக் கார்டு, மானியக் கார்டு, பின் நம்பர் இவற்றைப் பிணையாக வாங்கி வைப்பது குற்றம். "கார்டைக் கொடு" என்று கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள், வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

கடன் வேணாம்னா எப்படித்தான் சமாளிக்கிறது? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்க.

ஒரு வீட்டை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். தாத்தா காலமாகிவிட்டார். பிள்ளைகள் பெரியவர், அக்கா, சின்னவர் என்று மூவர், வேலை பார்க்கும் பேரப்பிள்ளைகள் இருவர், தாத்தாவின் தம்பி ஒருவர். பாலிசி 15,000. தொகைகள் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும், கணக்குப் போடும் முறையை மட்டும் பாருங்கள்.

முதல் பக்கம், தகன நாள்: அண்டர்டேக்கர் 11,500, தகனக் கட்டணம் 2,500, பூவும் பூசையும் 2,000, ஆக 16,000. பாலிசியை மேலே சொன்னபடி அண்டர்டேக்கர் பில் அளவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குக் கையிலிருந்து தேவைப்பட்டது 4,500 மட்டுமே. அதைப் பெரியவரும் அக்காவும் அப்போதைக்குப் போட்டார்கள். பாலிசியில் மிஞ்சும் 3,500 பின்னால் வரும்.

இரண்டாம் பக்கத்தை முதலில் எழுதியபோது டென்டும் நாற்காலியும் 5,500, இருநூறு பேருக்குத் தலைக்கு 60 வீதம் சாப்பாடு 12,000, குருக்களும் பூசைச் சாமானும் 3,500, அறிவிப்பு 1,000, ஆக 22,000 என்று வந்தது. இரண்டு பக்கமும் சேர்த்தால் 38,000, பாலிசி போகத் துண்டு 23,000. இந்த இடத்தில்தான் பல வீடுகள் 25,000 கடனுக்குப் போகின்றன. இந்த வீட்டில் மூன்றாம் நாள் மாலை எல்லாரும் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தை மட்டும் திருத்தி எழுதினார்கள். டென்ட் வேண்டாம், கார் நிறுத்தும் கொட்டகையும் முற்றமும் போதும், நாற்காலியும் பாத்திரமும் சபையில் 600-க்கு. வருகிறவர்கள் எண்பது பேர், உறவும் பக்கத்து வீட்டாரும். சமையல் வீட்டுப் பெண்களும் ஆண்களும்: சோறு, பருப்பு, இரண்டு கறி, ரசம், வடை, பாயசம். சாமான் செலவு தலைக்கு 30 வீதம் 2,400. குருக்களுக்கும் பூசைக்கும் வைத்த 3,500-இல் கை வைக்கவில்லை. அறிவிப்பு வாட்ஸ்ஆப்பில் போனது. ஆக 6,500.

இப்போது மொத்தம் 22,500, பாலிசி போகத் துண்டு 7,500. பெரியவர் 2,500, அக்கா 1,500, சின்னவர் 1,000, பேரப்பிள்ளைகள் ஆளுக்கு 750, சின்னத் தாத்தா 1,000. முதலில் கைக்காசு போட்ட இருவருக்கும் அது அவரவர் பங்கில் கழிந்தது, மிகுதி பாலிசிப் பணம் வந்ததும் திருப்பித் தரப்பட்டது. வந்த உறைகளை எண்ணி, ஆண்டுத் திதிக்கு என்று எழுதி, அக்காவிடம் கொடுத்தார்கள். உறைக் காசைக் கணக்கில் முன்கூட்டியே சேர்க்காததுதான் இந்த வீடு செய்த கெட்டிக்காரத்தனம்.

இப்படிச் சின்னதா செஞ்சா சடங்குல குறை வராதா? ஊர் என்ன சொல்லும்?

சடங்குக்கு வேண்டியது எள், தர்ப்பை, பச்சரிசி, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, விளக்கு, செய்கிற பிள்ளை, செய்விக்கிற குருக்கள். டென்ட் எந்த விதியிலும் இல்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் குருக்களிடமே சாமான் பட்டியலை எழுதி வாங்குங்கள், அது ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. தட்சணையை மட்டும் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்யுங்கள், காரியத்தன்று வாசலில் பேரம் பேசுவது யாருக்கும் அழகில்லை.

ஊர் பேசத்தான் செய்யும். இருநூறு பேரைக் கூப்பிட்டாலும் ரசத்தில் உப்பில்லை என்று பேசும்.

எல்லாரும் சமமா போடறதுதானே நியாயம்?

சம்பளம் சமமாக இருந்தால் சமமாகப் போடலாம். பார்மசி வைத்திருக்கும் அண்ணனும், ஒப்பந்த வேலை போய் வீட்டில் இருக்கும் தம்பியும் ஆளுக்கு 2,000 என்றால், தம்பி அந்த 2,000-ஐ மஷோனிசாவிடம் வாங்கிக்கொண்டு வருவான், யாருக்கும் சொல்லமாட்டான். குடும்பம் கடன் வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஒருவன் வாங்கியிருப்பான். அதனால் தொகையை வட்டமாக உட்கார்ந்து கேட்காமல், ஒரு அத்தையோ மாமாவோ தனித்தனியாகக் கேட்பது நல்லது. "உன்னால கடன் வாங்காம எவ்வளவு முடியும்?" என்பதே கேள்வி.

காசு இல்லாதவர் ஆஸ்பத்திரிக் காகிதத்துக்கும் உள்துறை அலுவலக வரிசைக்கும் அலையலாம், மூன்று நாள் சமையல் பார்க்கலாம். அதையும் நோட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதுங்கள்.

ஜொஹானஸ்பர்க்ல இருக்கிற தம்பி, "அனுப்பறேன் அனுப்பறேன்"ங்கிறான், வரவே இல்ல. என்ன செய்யறது?

வாக்கு எண்ணிக்கையில் சேராது, வங்கியில் விழுந்த பணம்தான் சேரும். பத்தாம் நாள் இரவு வரைக்கும் வந்ததைக் கூட்டுங்கள், அந்தத் தொகைக்குள் பதினாறாம் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்தால் திதிக்கு ஆகட்டும். தம்பி பங்கையும் நம்பிக் கேட்டரிங்குக்கு முன்பணம் கொடுத்துவிட்டால், மீதியை அண்ணன்தான் கடன் வாங்கிக் கட்டுவார். தகராறு ஆண்டுக்கணக்கில் போகும்.

அண்ணன் சர்ச்சுக்குப் போறவர். சடங்குக்குக் காசு தரமாட்டேன்னுட்டார். வற்புறுத்தலாமா?

வற்புறுத்த வேண்டாம், இரண்டு பக்க நோட்டு இங்கேதான் கைகொடுக்கும். முதல் பக்கத்தில் அண்டர்டேக்கர் பில், வண்டி, தகனக் கட்டணம் இருக்கின்றன. இவற்றில் சடங்கு எதுவும் இல்லை. அவரை அதில் பங்கெடுக்கக் கேளுங்கள். இரண்டாம் பக்கத்தைச் சடங்கு செய்பவர்கள் ஏற்கட்டும். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒரே வீட்டில் கோயிலும் சர்ச்சும் இருப்பது புதிதல்ல. அப்படிப்பட்ட அண்ணன் ஒருவர் தகனச் செலவு முழுதையும் தாமே ஏற்றுக்கொண்டு, காரியத்தன்று வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றதையும் பார்த்திருக்கிறேன்.

மாசாமாசம் போட்டு ஒரு குடும்ப நிதி வைக்கலாம்னு இருக்கோம். எப்படி ஆரம்பிக்கிறது?

ஒன்பது குடும்பம், மாதம் 100 ராண்ட் என்று வைத்தால் ஆண்டுக்கு 10,800. பெரிய தொகை இல்லை, ஆனால் மேலே பார்த்த 7,500 துண்டை அடைக்கும். இரண்டு பக்கத்தில் விதி எழுதுங்கள்: யார் உறுப்பினர், யாருடைய சாவுக்குக் கிடைக்கும், எவ்வளவு, சேர்ந்து எத்தனை மாதம் கழித்து. பல வங்கிகளில் ஸ்டாக்வெல் என்னும் கூட்டுச் சேமிப்புக் குழுக்களுக்கென்றே கணக்கு இருக்கிறது. விதித்தாள், உறுப்பினர் பட்டியல், கையெழுத்திடுபவர்கள் விவரம் கேட்பார்கள். பணம் எடுக்க இருவர் வேண்டும், அந்த இருவர் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. ஒருவருடைய சொந்தக் கணக்கில் வைத்தால், நாளை அவரே இறந்துபோகும்போது அவர் கணக்கோடு உங்கள் நிதியும் முடங்கும்.

எல்லாரும் எழுத மறக்கும் விதி, ஒரே ஆண்டில் இரண்டு சாவு வந்தால் என்ன என்பது. ஒரு சாவுக்கு 8,000 என்று வைத்திருந்தால், ஆண்டு முடிவில் முதல் சாவு போக 2,800-தான் மிஞ்சும். "இரண்டாவதற்குக் கையிருப்பும், வீட்டுக்கு 300 கூடுதலும்" என்று முன்பே எழுதியிருந்தால் 2,700 சேர்ந்து 5,500 கொடுக்கலாம். எழுதாமல் விட்டால், "அவங்களுக்கு எட்டு, எங்களுக்கு மூணா?" என்று நிதி அத்தோடு உடையும்.

நிதியில பணம் சும்மாத்தானே கிடக்கு? பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு யாராவது கடனா எடுத்துக்கலாமா?

கூடாது. நிதிகள் உடைவதற்குத் திருட்டைவிட இது அதிகக் காரணம். ஜனவரியில் எடுத்தவர் மார்ச்சில் தருவதாகச் சொல்வார், பிப்ரவரியில் சாவு வரும். அவரிடம் அப்போது போய்க் கேட்கவும் முடியாது, ஏனென்றால் சாவு அவர் வீட்டிலேயே இருக்கலாம். பள்ளிக் கட்டணத்துக்கு வேண்டுமானால் வேறொரு நிதி தொடங்குங்கள்.

தைப்பூசக் காவடி வேண்டுதல் இருக்கு. அதுக்குக் கடன் வாங்கினா தப்பா?

சாவுக்கு நாள் தெரியாது, தைப்பூசத்துக்குத் தெரியும். ஆடியில் கூழ் ஊற்றுவதும் புனித வெள்ளியன்று மவுன்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குப் போவதும் அப்படித்தான். நாள் தெரிந்த செலவுக்கு முந்திய தை முடிந்ததுமே மாதம் ஒரு தொகை எடுத்து வையுங்கள். வேண்டிக்கொண்டது காவடி எடுப்பதாகத்தான் இருக்கும், முந்நூறு பேருக்குச் சாப்பாடு போடுவதாக இருக்காது. அந்த ஆண்டு முடியவில்லையென்றால், கோயில் குருக்களிடம் சொல்லி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

பாட்டியோட முதியோர் மானியத்துலேருந்து பாலிசிக்குப் பிடிக்கிறாங்க. அதுக்கு அளவு இருக்கா?

உண்டு. மானியத்திலிருந்து நேரடியாகப் பிடிக்கலாம் என்றால் ஒரே ஒரு ஈமப் பாலிசிக்குத்தான், அதுவும் மானியத்தில் 10 விழுக்காட்டுக்குள். இரண்டு பிடித்தம் போனால் மானிய அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பிள்ளைகளுக்கான மானியத்தில் இப்படிப் பிடிக்கவே கூடாது.

இதெல்லாம் இப்பத்தான் தெரியுது. போன மாசமே 25,000 வாங்கிட்டோம். இனி என்ன?

முதலில் காரியம் முடிந்து கையில் மிஞ்சியதை எண்ணுங்கள். உறைக் காசு, பாலிசி மீதி, செலவாகாத கடன் பணம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் அசலில் கட்டுங்கள். இந்த அளவுக் கடனை எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டியே அடைக்க உரிமை உண்டு, அபராதம் போட முடியாது. கணக்கை முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேட்டால் தர வேண்டும். கடன் ஒருவர் பெயரில் இருந்து பயன் எல்லாருக்கும் என்றால், மேலே சொன்ன பங்குப் பேச்சை இப்போதும் நடத்தலாம், தவணையைப் பிரித்துக்கொள்ளலாம்.

தவணை தவறும் நிலை வந்தால் தவறுவதற்கு முன்னே கடன் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், அல்லது பதிவு பெற்ற கடன் ஆலோசகரைப் பாருங்கள். இன்னொரு கடன் எடுத்து இதைக் கட்ட வேண்டாம். தவறிய கடனில் வட்டியும் கட்டணமும் சேர்ந்து, தவறிய நாளில் நின்ற அசலைத் தாண்டி வளரச் சட்டம் விடுவதில்லை. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

அப்பா பேர்ல ஏற்கெனவே ஒரு கடன் இருந்துச்சு. கம்பெனிக்காரன் போன் பண்ணி என்னைக் கட்டச் சொல்றான்.

நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லையென்றால் உங்கள் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. அது அப்பா விட்டுப்போன சொத்து தீர்க்க வேண்டிய கடன். சொத்து போதவில்லையென்றால் அந்த நஷ்டம் கடன் கொடுத்தவருடையது. கணவன் மனைவி சொத்தைப் பொதுவாக வைத்து மணந்தவர்கள் என்றால் அம்மாவின் பங்கும் அதில் மாட்டும், அதை மட்டும் ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "இந்தக் கடனுக்கு உயிர்க் காப்பீடு இருந்ததா?" இருந்திருந்தால், மாதாமாதம் அதற்கும் அப்பா கட்டியிருப்பார், மீதிக் கடனை அந்தக் காப்பீடே அடைக்க வேண்டும். மரணச் சான்றிதழ் நகலை அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் மிரட்டுகிறவர் எழுத்தில் வரும்போது பெரும்பாலும் வேறு மாதிரிப் பேசுவார்.